"ஆருகா செத்த?" என்று கேட்டார் அம்மம்மா: கண் முகாம் அறிவித்தலைத் தமிழாக்கியதில் எங்கே பிழைத்தேன்?

களுவாஞ்சிகுடி_நிலா

எல்லோருக்கும் வணக்கம். ஒரு சிக்கல். நாளைக்குள் தீர்க்க வேண்டும்.

கனடாவில் இருக்கும் என் மச்சான் ஆட்கள் காசு சேர்த்து, படுவான்கரைப் பக்கத்து வயதானவர்களுக்கு ஒரு கண் பரிசோதனை முகாம் வைக்கிறார்கள். அறிவித்தலை அவர் ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினார். தமிழாக்கியது நான். ஆங்கிலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு வரிகூட விடுபடாமல் கவனமாகத்தான் செய்தேன். நேற்று இரவு அதை அம்மம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். மூன்றாவது வரி முடிந்ததுமே கையைப் பிடித்து "ஆருகா செத்த? எப்ப எடுக்கிற?" என்று கேட்டார். அவர் பகிடி விடவில்லை, உண்மையாகவே பதறிப் போனார். அந்தப் பதற்றத்தைப் பார்த்த பிறகு இதை அப்படியே வெளியிட எனக்கு மனம் வரவில்லை.

நான் எழுதியது இது:

"அன்பான முதியோர்களே, உங்களுக்குக் கை நீட்ட நாங்கள் வருகிறோம். சனிக்கிழமை காலை 7 மணிக்கு உங்களை வீட்டிலிருந்து எடுப்போம். மருந்து விட்ட பிறகு கண் மூடியவர்கள் 20 நிமிடம் தனி அறையில் வைக்கப்படுவார்கள். எங்கள் தொண்டர்கள் உங்கள் மேல் கண் வைத்திருப்பார்கள். மருந்து விட்ட பின் வெளிக்குப் போக வேண்டாம். காலை உணவு உண்ணாமல் வர வேண்டாம்."

'எடுப்போம்' பிழை என்று இப்போது விளங்குகிறது. மற்ற வரிகளில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. ஆங்கிலம் தலைக்குள் ஓடிக்கொண்டே இருப்பதால் எல்லாமே சரியாகத்தான் தெரிகிறது.

அச்சகம்_கல்முனை

தங்கச்சி, இது எழுத்துருப் பிரச்சினையாக இருக்கும். பாமினியில் அடித்ததை யுனிகோடுக்கு மாற்றும்போது சில எழுத்து மாறிப் போகும், சொல்லே வேறாகிவிடும். எங்களிடம் கோப்பைத் தந்தால் சரிபார்த்துத் தருகிறேன்.

களுவாஞ்சிகுடி_நிலா

அண்ணா, எழுத்து ஒன்றும் மாறவில்லை. நான் அடித்ததுதான் வந்திருக்கிறது. அடித்த சொற்கள் சொல்ல வந்ததைச் சொல்லவில்லை, அதுதான் சிக்கல்.

இலக்கணம்_முக்கியம்

இதில் மர்மம் ஒன்றுமில்லை. வேற்றுமை உருபை விட்டுவிட்டு எழுதுகிறோம், அதனால் இரண்டு பொருள் வருகிறது. 'கண் மூடியவர்கள்' என்றால் செத்தவர்கள். 'கண்ணை மூடியவர்கள்' என்று எழுதுங்கள், தீர்ந்தது. 'கை நீட்ட' என்றால் அடிக்க. 'கையை நீட்ட' என்றால் வெறும் செயல். பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வேற்றுமையை ஒழுங்காகப் படித்திருந்தால் இது வந்திருக்காது.

காத்தான்குடி_தாதி

நிலா, நான் கண் பிரிவில் சில காலம் வேலை செய்தவள். முதலில் 'வெளிக்குப் போக வேண்டாம்' என்ற வரியை எடுத்து விடுங்கள். வெயில் கண்ணைக் கூசும், அதனால் வெளியே போக வேண்டாம் என்றுதான் உங்கள் மச்சான் எழுதியிருப்பார். எங்கள் உம்மா வாப்பா அதைக் கேட்டால், மருந்து விட்ட பிறகு கக்கூசுக்குப் போகக் கூடாது என்றுதான் எடுப்பார்கள். வயசானவர்கள் அப்படியே அடக்கிக்கொண்டு இருந்து விடுவார்கள், வெட்கத்தில் கேட்கவும் மாட்டார்கள். வாசித்துச் சிரித்துவிட்டுப் போகிற பிழை இல்லை இது, அவர்களை வருத்துகிற பிழை.

'எடுப்போம்' எங்கள் பக்கமும் அதேதான். "ஜனாஸா எத்தனை மணிக்கு எடுக்கிற?" என்று கேட்போம். தமிழ் ஆட்களுக்கும் சோனக ஆட்களுக்கும் இந்தச் சொல்லில் வித்தியாசம் கிடையாது.

பழைய_மொழிபெயர்ப்பாளர்

மகள், நான் முப்பது வருடத்துக்கு மேல் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராக இருந்தவன். உங்கள் பிழையைப் பார்த்து வெட்கப்பட ஒன்றுமில்லை. கவனமில்லாமல் செய்பவருக்கு இந்த மாதிரிப் பிழை வருவது குறைவு. சொல்லுக்குச் சொல் கவனமாகப் போகிறவருக்குத்தான் வரும்.

ஒவ்வொரு வரியாகப் போகாமல், எது எதனால் வந்தது என்று பார்ப்போம்.

'எடுப்போம்' எங்கிருந்து வந்தது? ஆங்கிலத்தில் 'பிக் அப்' என்பது பெட்டிக்கும் சொல்லலாம், ஆளுக்கும் சொல்லலாம். தமிழில் அந்த இரண்டுக்கும் ஒரே வினை இல்லை. பெட்டியை எடுப்போம், ஆளைக் கூட்டிக்கொண்டு போவோம் அல்லது வண்டியில் ஏற்றிக்கொண்டு போவோம். கைக்குழந்தையைத் தூக்கி எடுப்போம், அது வேறு. வளர்ந்த ஒரு மனிதரை 'எடுப்போம்' என்றால் அவர் உயிரோடு இல்லை என்று காது தீர்மானித்துவிடும். 'வைக்கப்படுவார்கள்' என்பதும் அதே குடும்பம். ஆள் இருப்பார், இருத்தப்படுவார். பொருளும் பிரேதமும்தான் வைக்கப்படும். உங்கள் அறிவித்தலில் 'எடுப்போம்', 'கண் மூடியவர்கள்', 'தனி அறையில் வைக்கப்படுவார்கள்' என்று மூன்றும் அடுத்தடுத்து வருகின்றன. ஒரு சொல் மட்டும் இருந்தால் கேட்பவர் சந்தர்ப்பத்தைப் பார்த்துச் சரிசெய்துகொள்வார். மூன்றும் ஒரே பக்கம் இழுக்கும்போது அந்த மூன்றும்தான் சந்தர்ப்பம் ஆகிவிடுகிறது. அம்மம்மா பிழையாகக் கேட்கவில்லை, நீங்கள் எழுதியதைச் சரியாகத்தான் கேட்டார்.

இலக்கணம்_முக்கியம் சொன்னதில் பாதி சரி. பெயரும் வினையும் உருபில்லாமல் பக்கத்தில் நின்றால் அவை ஒட்டிக்கொண்டு ஒரே சொல் போல ஆகிவிடும். கண்வை, கைநீட்டு, வாய்விடு எல்லாம் அப்படித்தான். நடுவில் ஐ வந்தால் அந்த ஒட்டு கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். ஆனால் தம்பி, "தாத்தா நேற்று விடியப்புறம் கண்ணை மூடிவிட்டார்" என்றால் உங்களுக்கு என்ன விளங்கும்? உருபு இருக்கிறதே! அங்கே வேலை செய்வது கடைசியில் நிற்கும் 'விட்டார்'. ஒரு காரியம் முடிந்தே போயிற்று என்று காட்டுகிற துணைவினை அது. "தாத்தா கண்ணை மூடிக்கொண்டார்" என்று சொல்லிப் பாருங்கள், யாரும் அழ மாட்டார்கள். 'கொள்' வந்தால் அவர் தானே மூடினார், திரும்பத் திறப்பார் என்று ஆகிவிடும். ஆகவே இந்த வரியில் ஐ மட்டும் போட்டால் போதாது. 'கண்ணை மூடிக்கொண்டு இருக்க வேண்டும்' என்று வினையின் வாலையும் மாற்ற வேண்டும்.

இலக்கணம்_முக்கியம்

'விட்டார்' பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன் ஐயா, அதை நான் யோசிக்கவில்லை. ஆனாலும் பொது விதியாக ஐ போடுவதுதான் பாதுகாப்பு என்றே நினைக்கிறேன்.

காத்தான்குடி_தாதி

அந்த விதிக்கு எதிராக ஒன்று சொல்லட்டுமா? 'டொக்டர் உங்களைப் பேசுவார்' என்று ஒருமுறை எங்கள் நோட்டீசில் வந்தது. ஐ இருக்கிறது. எங்கள் ஊரில் ஒருவரைப் பேசுவது என்றால் ஏசுவது. 'உங்களோடு கதைப்பார்' என்று மாற்றினோம். இங்கே ஐ-தான் குழப்பத்தைக் கொண்டுவந்தது.

பழைய_மொழிபெயர்ப்பாளர்

நல்ல உதாரணம் பிள்ளை. நானும் அதை விதி என்று சொல்ல மாட்டேன். ஐ போட்டுப் பார்ப்பது ஒரு சோதனை, அவ்வளவுதான். போட்டால் பொருள் மாறுகிறதா என்று பார்க்கலாம். மாறினால் அந்த இடத்தில் மரபுத்தொடர் ஒன்று ஒளிந்திருக்கிறது என்று தெரியும். பிறகு என்ன செய்வது என்பதை அந்த வரிதான் சொல்லும்.

'கண் வைத்திருப்பார்கள்' அப்படி ஒன்று. ஆங்கிலத்தில் 'கீப் அன் ஐ ஒன்' என்றால் பாதுகாப்பு. நம் காதில் ஒருவர் மேல் கண் வைப்பது என்றால் அவரிடம் இருப்பதற்கு ஆசைப்படுவது, இல்லாவிட்டால் கண்ணூறு. இதை ஐ போட்டுத் திருத்தவே முடியாது, 'கண்ணை வைத்திருப்பார்கள்' இன்னும் மோசம். கண்ணையே விட்டுவிடுங்கள். தொண்டர்கள் உண்மையில் என்ன செய்யப் போகிறார்கள்? பக்கத்தில் இருக்கப் போகிறார்கள். அதை எழுதுங்கள்.

'கை நீட்ட' என்பதும் அதே கதை. உங்கள் மச்சான் 'றீச் அவுட்' என்று எழுதியிருப்பார். தமிழில் ஒருவருக்குக் கை நீட்டுவது என்றால் அடிப்பது, அல்லது இரப்பது, அல்லது கள்ளக் காசு வாங்குவது. ஆனால் 'கை கொடுக்க' என்று எழுதினால் பிழையே இல்லை, உதவிக்கு நாமும் கையைத்தான் கொடுக்கிறோம். உடம்பு உறுப்பு வந்தால் எல்லாவற்றையும் வெட்ட வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். அப்படி வெட்டினால் அறிவித்தல் கந்தோர் சுற்றறிக்கை மாதிரி ஆகிவிடும்.

பாசிக்குடா_விடுதி

நல்ல நேரத்தில் இந்த இழையைக் கண்டேன். என்னுடைய சிக்கல் மறுபக்கம். விடுதிக்கு ஆங்கில விளம்பரம் எழுதினேன். மட்டக்களப்புக்கு வந்தவரை இங்குள்ளவர்கள் பாயோடு ஒட்டி வைத்து விடுவார்கள் என்று வெளியூர்க்காரர் பழைய காலத்தில் இருந்து சொல்வார்களே, அதை அப்படியே ஆங்கிலத்தில் போட்டேன். நம் விருந்தோம்பலைச் சொல்லத்தான். வந்த ஒரு வெள்ளைக்கார அம்மா, கட்டில் இருக்கிறதா, பாயில் ஏதாவது பிசின் இருக்கிறதா என்று கேட்டு மெசேஜ் போட்டார். இதை ஆங்கிலத்தில் எப்படி எழுதினால் சரி?

பழைய_மொழிபெயர்ப்பாளர்

ஒட்டுவதையும் பாயையும் ஒரே வரியில் ஆங்கிலத்தில் கொண்டுபோனால் அவர்களுக்கு அழுக்குத்தான் நினைவு வரும். அந்தச் சொல்லுக்குப் பின்னால் மந்திரத்தால் கட்டிப்போடுகிறார்கள் என்ற பயமும் இருந்தது, இங்கேயே பெண் எடுத்துத் தங்கிவிடுகிறார்கள் என்ற பொருமலும் இருந்தது. ஒரு வரி விளம்பரம் அவ்வளவையும் தாங்காது. 'இரண்டு நாளுக்கு என்று வந்தவர் இரண்டு கிழமை நின்று போவார்' என்ற பொருளில் எழுதினால் போதும்.

பாசிக்குடா_விடுதி

பொருள் வரும் ஐயா, ஆனால் ஊர் போய்விடுகிறது. அந்தப் பாய் எங்களுடையது. சின்னதாக ஒரு கதைப் பெட்டி போட்டு, பாயைப் பற்றி நான்கு வரி எழுதினால் என்ன?

பழைய_மொழிபெயர்ப்பாளர்

இடம் இருந்தால் எழுதலாம். விலைப்பட்டியலுக்கு மேலே மட்டும் வேண்டாம்.

களுவாஞ்சிகுடி_நிலா

எனக்கு ஒரு சந்தேகம். 'காலை உணவு உண்ணாமல் வர வேண்டாம்' என்ற வரியில் மரபுத்தொடர் எதுவும் இல்லையே? அதையும் அம்மம்மா பிழையாகத்தான் விளங்கிக்கொண்டார். சாப்பிடாமல் வரச் சொல்கிறார்கள் என்றார்.

அச்சகம்_கல்முனை

இதை நான் சொல்கிறேன். முதலில் உங்கள் கேள்வியை நான் பிழையாக விளங்கிவிட்டேன், இப்போது புரிகிறது. போஸ்டரில் இந்த மாதிரி வரி எங்களுக்கு எப்போதும் தலையிடி. தமிழில் 'வேண்டாம்' கடைசியில்தான் வரும். அகலம் போதாமல் 'உண்ணாமல் வர' என்பதோடு வரி முடிந்து 'வேண்டாம்' அடுத்த வரிக்குப் போனால், மேலே மட்டும் வாசித்தவர் சாப்பிடாமல் வந்துவிடுவார். போனில் பகிரும்போது முன்னோட்டத்தில் பாதி வரிதான் தெரியும், அங்கும் இதே கதை. ஆங்கிலத்தில் மறுப்பு முன்னுக்கே நிற்பதால் அவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. 'சாப்பிட்டுவிட்டு வாருங்கள்' என்று போடுங்கள், எங்கே வெட்டினாலும் பொருள் திரும்பாது.

பழைய_மொழிபெயர்ப்பாளர்

இது எனக்கும் புதிதாகக் கிடைத்த பாடம் தம்பி. நான் வேலை செய்த காலத்தில் தாள் முழுதாகத்தான் கைக்குப் போகும்.

நிலா, இப்போது செய்ய வேண்டியது இதுதான். ஆங்கிலத்தை மூடி வையுங்கள். உங்கள் தமிழையும் மூடி வையுங்கள். வாசலில் நிற்கும் ஒரு தாத்தாவுக்கு வாயால் சொல்வது போல, என்ன நடக்கும் என்பதை நடக்கிற ஒழுங்கில் எழுதுங்கள். எழுதிய பிறகு ஆங்கிலத்தைத் திறந்து, மணி, நாள், மருந்து ஏதாவது விடுபட்டதா என்று மட்டும் பாருங்கள். சொல்லைப் பார்க்க வேண்டாம்.

அதற்குப் பிறகு, ஆங்கிலம் தெரியாத, இந்த முகாமைப் பற்றியே கேள்விப்படாத ஒருவருக்கு வாசித்துக் காட்டுங்கள். "சரியா?" என்று கேட்டால் நம் ஆட்கள் மரியாதைக்குச் "சரி மகள்" என்பார்கள், உங்களுக்கு ஒன்றும் தெரியவராது. "சனிக்கிழமை உங்களுக்கு என்ன நடக்கும், சொல்லுங்கள் பார்ப்போம்" என்று கேளுங்கள். அவர் திருப்பிச் சொல்லும் கதையில் பிழை தானாக வெளியே வரும். ஒருவர் போதாது. ஒரு ஆண், ஒரு பெண், முடிந்தால் வேறு ஊர்க்காரர் ஒருவர்.

காத்தான்குடி_தாதி

எழுதும்போது இதையும் சேருங்கள். அந்தத் துளி மருந்து கண்மணியை விரிக்கும். விரிய 20, 30 நிமிடம் எடுக்கும், பிறகு சில மணி நேரம் பார்வை மங்கலாக இருக்கும், வெயில் கூசும். மோட்டார் சைக்கிளில் தனியாக வந்து தனியாக ஓட்டிப் போக நினைக்கிறவர்களுக்கு இது தெரிய வேண்டும்.

அம்பாறை_வயற்காரன்

இன்னொன்று. வழக்கமான மருந்துகளை நிறுத்தாமல் வரச் சொல்வீர்கள்தானே? 'மருந்து குடித்துவிட்டு வாருங்கள்' என்று மட்டும் எழுத வேண்டாம். வயல் பக்கத்தில் மருந்து என்றால் பயிருக்கு அடிக்கிற மருந்துதான் முதலில் நினைவு வரும். அதை ஒருவர் குடித்தார் என்பது எத்தனையோ வீட்டில் ஆறாத காயம்.

காத்தான்குடி_தாதி

அண்ணா, நாங்கள் ஒவ்வொரு நாளும் வார்டில் "மருந்து குடிச்சீங்களா?" என்றுதான் கேட்கிறோம். யாரும் அப்படி எடுத்ததில்லை.

அம்பாறை_வயற்காரன்

வார்டில் நீங்கள் கேட்பது வேறு தங்கச்சி. அங்கே கட்டில் இருக்கிறது, நீங்கள் நிற்கிறீர்கள், எந்த மருந்து என்று தெரியும். தாளில் எழுதி வாசலில் கொடுப்பது வேறு. எங்கள் வீட்டில் இது நடந்தது, அதனால் சொல்கிறேன்.

காத்தான்குடி_தாதி

மன்னிக்க வேண்டும் அண்ணா. 'குளிசை போட்டுக்கொண்டு' என்று எழுதலாம், அதில் இந்த நினைவு வராது.

களுவாஞ்சிகுடி_நிலா

எல்லோருக்கும் நன்றி. ஐயா சொன்ன மாதிரி இரண்டையும் மூடி வைத்துவிட்டு எழுதினேன். இது இப்போது:

"பெரியவர்களுக்கு இலவசக் கண் பரிசோதனை. சனிக்கிழமை காலை 7 மணிக்கு வான் உங்கள் வாசலுக்கு வரும். உங்களை ஏற்றிக்கொண்டு போய், பரிசோதனை முடிந்ததும் வீட்டுக்கே கூட்டிவந்து விடுவோம். காலையில் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். வழக்கமாகப் போடும் குளிசைகளையும் போட்டுக்கொண்டு வாருங்கள். கண்ணுக்குள் துளி மருந்து விடுவார்கள். அதன் பிறகு 20 முதல் 30 நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு கதிரையில் இருக்க வேண்டும். அந்த நேரம் எங்கள் பிள்ளைகளில் ஒருவர் உங்கள் பக்கத்திலேயே இருப்பார். சில மணி நேரம் பார்வை மங்கலாக இருக்கும், வெயில் கூசும். அதுவரை நிழலில் இருங்கள். தனியாக வண்டி ஓட்டி வர வேண்டாம்."

அம்மம்மாவுக்கு வாசித்தேன். ஆனால் அவருக்கு விஷயம் ஏற்கனவே தெரியும், அதனால் பக்கத்து வீட்டுப் பெரியப்பாவுக்கும், கொக்கட்டிச்சோலையில் இருந்து நெல் விற்க வந்திருந்த ஒரு ஐயாவுக்கும் வாசித்தேன். இரண்டு பேரும் கதையைச் சரியாகத் திருப்பிச் சொன்னார்கள். கொக்கட்டிச்சோலை ஐயா மட்டும் "கதிரையில இருக்கக்குள்ள நித்திரை வந்தா படுக்கலாமா?" என்று கேட்டார்.

காத்தான்குடி_தாதி

படுக்கலாம். அதற்கு ஒரு வரி தேவையில்லை, அங்கே நிற்கும் பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள். 'தனியாக வண்டி ஓட்டி வர வேண்டாம்' என்ற வரியை மட்டும் பாருங்கள், வேண்டாம் கடைசியில் நிற்கிறது.

களுவாஞ்சிகுடி_நிலா

உண்மைதான்! 'சொந்த வண்டியில் வருபவர்கள் ஓட்டுவதற்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்' என்று மாற்றுகிறேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. போன வருடம் இதே மாதிரி முகாமில் சத்திரசிகிச்சை செய்த ஒரு ஆச்சியின் நன்றிக் கடிதத்தை ஆங்கிலமாக்கித் தரும்படி மச்சான் கேட்டிருக்கிறார். ஆச்சி சொன்னது: "கண்ணில பூ விழுந்து கிடந்த. இந்தப் பிள்ளைகள் என்ட கண்ணைத் திறந்து விட்ட. என்ட வயிறு குளிர்ந்து போச்சு." கண்ணைத் திறந்ததை அப்படியே போட்டால், ஏதோ உண்மையை எடுத்துச் சொல்லிப் புத்தி தெளிய வைத்தார்கள் என்று ஆங்கிலத்தில் ஆகிவிடும். வயிறு குளிர்ந்தது என்றால் சுகமில்லையா என்று கேட்பார்கள்.

பழைய_மொழிபெயர்ப்பாளர்

கண்ணைத் திறந்ததற்கு 'பார்வையைத் திருப்பித் தந்தார்கள்' என்ற பொருளில் போடுங்கள். வயிறு குளிர்ந்ததை மகிழ்ச்சி என்று மட்டும் போட்டால் மெலிந்து போகும். ஒரு தாய் தன் பிள்ளைகளை வாழ்த்துவது அது. 'ஒரு தாய்க்கு இருக்கும் நிறைவு' என்று வருமாறு பாருங்கள். வெயில் நாட்டில் நமக்குக் குளிர்ச்சிதான் அன்பு, பனி நாட்டில் அவர்களுக்குச் சூடுதான் அன்பு. அவர்கள் அன்பாக வரவேற்பதை நாம் 'சூடான வரவேற்பு' என்று எழுதிக் கெடுப்பதும் இதனால்தான். பூவை எடுத்துவிட்டு, வெண்படலம் என்று மருத்துவச் சொல்லில் சொல்லிவிடலாம்.

பாசிக்குடா_விடுதி

பூவை எடுக்க வேண்டாம் தங்கச்சி. 'கண்ணில் ஒரு பூ விழுந்தது என்று எங்கள் ஊரில் சொல்வோம்' என்று ஆச்சியின் வாயாலேயே ஆங்கிலத்தில் வரட்டும். அது விளம்பரம் இல்லை, கடிதம். கடிதத்தில் இடம் இருக்கிறது.

பழைய_மொழிபெயர்ப்பாளர்

ஒரு பூ விழுந்தது என்றால் மரத்தில் இருந்து ஏதோ விழுந்து கண் பழுதாகிவிட்டது என்று வாசிப்பார்கள் என்பது என் பயம்.

களுவாஞ்சிகுடி_நிலா

இரண்டு விதமாகவும் எழுதி மச்சானுக்கு அனுப்புகிறேன். அங்கே ஆங்கிலம் மட்டும் தெரிந்த யாராவது ஒருவருக்கு வாசித்துக் காட்டி, ஆச்சிக்கு என்ன நடந்தது என்று திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்கட்டும். பதில் வந்ததும் இங்கே போடுகிறேன். அச்சகம் அண்ணா, அறிவித்தலை இன்று பின்னேரம் அனுப்பினால் நாளைக்கு 300 பிரதி கிடைக்குமா?

அச்சகம்_கல்முனை

நான்கு மணிக்கு முன் அனுப்புங்கள். பாமினியில் அடிக்காமல் யுனிகோடிலேயே தாருங்கள். வரி எங்கே உடைகிறது என்று நான் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் அடிப்பேன்.